ஜன்னலுக்கு அப்பால் கடல்: மேற்படத்தில் துவாரம் அமைக்கும் முறை

கொலாஜ் என்று வழங்கும் ஒட்டுப்படக் கலையில் ஒரு படத்தின் மேல் மற்றொரு படத்தை வைப்பது எளிது. மேலே உள்ள படத்தின் நடுவில் ஒரு பகுதியை மட்டும் திறந்துவிட்டு, அந்தத் திறப்பின் வழியே கீழே உள்ள படம் இயல்பாகத் தெரியும்படி செய்வதில்தான் கைத்திறனும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் அந்த ஒரு காரியத்தையே, ஒரே ஓர் உதாரணத்தைக் கொண்டு, ஆரம்பம் முதல் முடிவு வரை செய்து பார்ப்போம். ஒரு பழைய வீட்டின் அறைக்குள் நின்று எடுத்த புகைப்படம் நம்மிடம் இருக்கிறது என்று கொள்வோம். சுவர், சுவரின் நடுவே மரச்சட்டம் போட்ட ஜன்னல், சட்டத்தில் மேலும் கீழுமாகப் பதிந்த மூன்று இரும்புக் கம்பிகள், உட்பக்கமாகத் திறந்து நிற்கும் இரண்டு கதவுகள் ஆகிய யாவும் அதில் நன்றாக விழுந்திருக்கின்றன. வெளிச்சம் மிகுதியால் ஜன்னலுக்கு வெளியே இருந்த காட்சி மட்டும் வெறும் வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளையை நீக்கி, கம்பிகளுக்கு இடையே இருக்கும் நான்கு திறப்புகளின் வழியே கடல் தெரியும்படி செய்ய வேண்டும்.

கருவியாக ஜிம்ப் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இருவரும் 1995-ல் தொடங்கிய இந்த மென்பொருளை யாரும் விலையின்றிப் பெறலாம் என்பதும், நாம் செய்யப்போகும் காரியத்துக்கு வேண்டிய யாவும் அதில் இருக்கின்றன என்பதுமே அதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். பட்டிகளின் பெயர்களைத் திரையில் எப்படித் தெரியுமோ அப்படியே தருகிறேன்.

செய்முறைக்குப் போகுமுன், துவாரம் என்று நாம் சொல்வது உண்மையில் என்ன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் பின்னால் வரும் சங்கடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைச் சரியாக மனத்தில் வாங்கிக்கொள்ளாததால் நேர்பவை. காகிதத்தில் கத்தரிக்கோலால் வெட்டினால் வெட்டிய இடத்தில் காகிதம் இல்லாமற் போகிறது. கணினிப் படத்திலோ எதுவும் இல்லாமற் போவதில்லை. படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகள் இருப்பதுபோல, அந்தப் பிக்சல் எவ்வளவு மறைக்கிறது என்பதைச் சொல்லும் நான்காவது அளவு ஒன்றும் இருக்கலாம். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். எட்டு பிட் படத்தில் அது 0 முதல் 255 வரை செல்லும். 255 என்றால் கீழே உள்ளதை முற்றிலும் மறைக்கிறது என்றும், 0 என்றால் சிறிதும் மறைக்கவில்லை என்றும் பொருள். 1977-ன் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் இந்தக் கருத்தை உருவாக்கினார்கள். 1984-ல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதற்கான கணிதம் ஒழுங்குபெற்றது. அந்தக் கணிதத்தில் நமக்கு வேண்டியது ஒரு வரிதான். ஆல்ஃபாவை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னமாகக் கொண்டால், கண்ணுக்குத் தெரியும் நிறம் இவ்வாறு அமைகிறது:

```
α × மேல் + (1 − α) × கீழ்
```

ஆகவே துவாரம் என்பது ஆல்ஃபா பூஜ்யமாக இருக்கும் ஒரு பிரதேசமே. அதன் நடுப்பகுதியில் கவலைக்கு இடமே இல்லை. அங்கே மேற்படம் கணக்கிலேயே வராது. துவாரத்தின் விளிம்பில், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஆல்ஃபா ஏறும் இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில்தான், ஒட்டு வேலை நன்றாக அமைந்ததா இல்லையா என்பது தீர்மானமாகிறது. இந்த அத்தியாயத்தில் நான் அதிக நேரம் தங்கப்போவதும் அந்த விளிம்பில்தான்.

முதலில் ஜன்னல் படத்தை ஜிம்பில் திறந்துகொள்ள வேண்டும். முதலில் திறக்கும் படத்தின் அளவே வேலைப்பரப்பின் அளவாக அமையுமாதலால், இந்த வரிசையை மாற்றாமலிருப்பது நல்லது. நம்முடைய படம் 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து File பட்டியில் Open as Layers என்பதைக் கொண்டு கடற்படத்தை உள்ளே கொண்டுவந்தால், அது புதிய லேயராக ஜன்னலின் மேல் வந்து உட்கார்ந்து ஜன்னலை மறைத்துவிடும். வலப்பக்கம் உள்ள லேயர் பட்டியலில் அதைப் பிடித்து, ஜன்னலுக்குக் கீழே இழுத்துவிடுக. இப்போது கடல் மறைந்து ஜன்னல் மட்டும் தெரியும். பட்டியலில் ஜன்னல் லேயரின் பெயர் தடித்த எழுத்தில் இருப்பதைக் கவனித்தால், அதற்கு ஆல்ஃபா இல்லை என்பதை அறியலாம். காமிராவிலிருந்து வரும் ஜேபெக் கோப்புகளில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது என்பதுதான் அதற்குக் காரணம்.

இந்தத் தடித்த எழுத்தைக் கவனியாமல் வேலையைத் தொடங்குபவர்களுக்கு வரும் முதல் ஏமாற்றம் எல்லோருக்கும் பொதுவானது. வெள்ளையான பகுதியைத் தேர்ந்தெடுத்து Delete விசையை அழுத்துவார்கள். வெள்ளை போன இடத்தில் மறுபடியும் வெள்ளையே வந்து நிற்கும். ஆல்ஃபா இல்லாத லேயரில் அழித்த இடத்தைப் பின்னணி நிறத்தால் நிரப்புவது ஜிம்பின் விதி; பின்னணி நிறம் வழக்கமாக வெள்ளையாக இருப்பதால் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றுகிறது. Layer பட்டியில் Transparency என்பதற்குள் Add Alpha Channel என்பதை ஒருமுறை சொடுக்கிவிட்டு அழித்தால் துவாரம் உண்டாகும். கீழே இருக்கும் கடல் உடனே தெரியும்.

ஆயினும் அழிப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. அழித்தபின் விளிம்பு ஓரிடத்தில் கம்பியைச் சற்றே கடித்துவிட்டது என்று அரைமணி நேரம் கழித்துத் தெரியவந்தால், இடையில் செய்த அத்தனை வேலைகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டே பின்னோக்கிப் போவதைத் தவிர வேறு நல்ல வழி இராது. அதற்குப் பதிலாக லேயர் மாஸ்க் என்ற வசதியைப் பிரயோகிப்பதே விவேகம். மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தனிக் கறுப்பு வெள்ளைப் படம். அது வெள்ளையாக உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் மறையும், சாம்பலாக உள்ள இடத்தில் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நிற்கும். லேயரின் பிக்சல்கள் ஒன்றும் தொடப்படுவதில்லை. மறைத்த கம்பியை மீட்க வேண்டுமானால், மாஸ்க்கில் அந்த இடத்தில் வெள்ளையைத் தீட்டினால் போதும். கம்பி பழையபடி வந்து நிற்கும். மாஸ்க்கைப் பிரயோகிக்க Add Alpha Channel என்ற முன்னேற்பாடும் தேவையில்லை.

இனி, திறக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் வேலை. ஜன்னல் என்றவுடன் செவ்வகக் கருவியை எடுக்கத் தோன்றும். ஆனால் காமிரா ஜன்னலுக்கு நேரெதிரே, மட்டம் பிசகாமல் நின்றிருந்தாலன்றி, திறப்பு படத்தில் ஒருபோதும் செவ்வகமாக இராது. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் கோணிய நாற்கோணமாகவே விழுந்திருக்கும். ஆகவே Free Select என்ற கருவியே ஏற்றது. படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டு, முதல் திறப்பின் ஒரு மூலையில் சொடுக்கி, அடுத்த மூலையில் சொடுக்கி, இவ்வாறு நான்கு மூலைகளையும் சுற்றிவந்து தொடங்கிய புள்ளியிலேயே மூடி Enter விசையை அழுத்த வேண்டும். பழைய மரச்சட்டம் சில இடங்களில் வளைந்தோ சிதைந்தோ இருக்குமானால், அந்த இடங்களில் நெருக்கமாகப் புள்ளிகளை வைக்க வேண்டும். ஒரு புள்ளி தவறிவிட்டால் Backspace விசை அதை மட்டும் நீக்கிக் கொடுக்கும். முதல் திறப்பு முடிந்ததும், கருவியின் விருப்பங்களில் Mode என்ற வரிசையில் சேர்க்கும் முறையைத் தேர்ந்துகொண்டு மற்ற மூன்று திறப்புகளையும் அப்படியே குறிக்க வேண்டும். முறையை மாற்ற மறந்தால், புதிய தேர்வு தொடங்கியவுடன் பழையது காணாமற் போய்விடும்.

வெளியே முழுவதும் வெள்ளைதானே, நிறத்தைக் கொண்டு தேர்வு செய்யும் Fuzzy Select கருவியால் ஒரே சொடுக்கில் முடித்துவிடலாகாதா என்று கேட்கலாம். சட்டத்தின் ஓரத்தில் வெயில் பட்டுப் பளிச்சிடும் மரமும், கம்பியின் மேல் வழிந்திருக்கும் ஒளியும் அந்த வெள்ளையோடு சேர்ந்தே தேர்வாகிவிடும். பிறகு திறப்பின் ஓரம் எலி கடித்ததுபோல் இருக்கும். நேரான மரமும் நேரான கம்பியும் உள்ள இடத்தில் நேர்கோடுகளால் ஆன தேர்வே கண்ணை நம்பச் செய்வது. வெளியே மரக்கிளைகளும் இலைகளும் ஜன்னலை உரசிக்கொண்டு நிற்கும் படமாக இருந்தால் மட்டும் நிறத்தேர்வின் உதவியை நாடலாம்.

நான்கு திறப்புகளும் குறிக்கப்பட்டபின், உடனே மாஸ்க் போட்டுவிடக் கூடாது. இரண்டு சிறு திருத்தங்கள் இடையில் வேண்டும்; அந்த இரண்டில்தான் வேலையின் ஜீவன் இருக்கிறது.

முதல் திருத்தம், தேர்வைச் சற்றே விரிப்பது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்துக்காக எளிமையாக எடுத்துக்கொண்டவை. மரச்சட்டத்தின் நிழற்பக்கத்தின் ஒளியளவு 40 என்றும், வெளுத்த வானத்தின் அளவு 250 என்றும் கொள்வோம். சட்டமும் வானமும் சந்திக்கும் இடத்தில் உள்ள பிக்சல் முழு மரமும் அன்று, முழு வானமும் அன்று. இரண்டும் பாதிப்பாதி கலந்து 145 என்ற அளவில் நிற்கிறது. நம்முடைய துவாரத்தின் விளிம்பு மிகச் சரியாக அந்தப் பிக்சலின் மேல் விழுந்து, அதன் ஆல்ஃபா பாதியாகிறது. கீழே உள்ள கடலின் அளவு 90. சூத்திரத்தின்படி தெரியப்போவது 145-ல் பாதியும் 90-ல் பாதியும், அதாவது ஏறக்குறைய 118. உண்மையாகவே அந்த ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்திருந்தால் அங்கே தெரிய வேண்டியது மரத்தின் 40-ல் பாதியும் கடலின் 90-ல் பாதியும், அதாவது 65. நாம் பெற்றதோ அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வெளிச்சம். இந்தக் கூடுதல் வெளிச்சம் ஒரு பிக்சலில் மட்டும் இருந்தால் யார் கண்ணிலும் படாது. ஆனால் அது சட்டத்தின் நீளம் முழுவதும், ஒவ்வொரு கம்பியின் இருபுறமும் தொடர்ந்து ஓடுவதால், கறுத்த கம்பிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வரைந்துவிட்டதுபோல் தெரிகிறது. ஒட்டுப்படம் ஒட்டுப்படம்தான் என்பதைப் பார்ப்பவருக்கு முதலில் காட்டிக்கொடுப்பது இந்தக் கோடே.

பலர் இந்தக் கோட்டைக் கண்டு விளிம்பை மேலும் மேலும் மங்கலாக்குகிறார்கள். அதனால் கோடு அகலமாகிறதே தவிர அழிவதில்லை. பழைய வானத்தின் ஒளி கலந்த பிக்சல்களை முற்றிலுமாகத் துவாரத்துக்குள் தள்ளிவிட்டு, விளிம்பு கலப்பில்லாத மரத்தின் மேல் விழும்படி செய்வதே பரிகாரம். Select பட்டியில் Grow என்பதைத் திறந்து, நம்முடைய 4000 பிக்சல் படத்துக்கு 2 பிக்சல் என்று கொடுத்தால், தேர்வு எல்லாப் புறமும் அந்த அளவுக்கு மரத்துக்குள்ளும் கம்பிக்குள்ளும் நுழைகிறது. கம்பி சுமார் 36 பிக்சல் அகலம் இருக்குமானால், இருபுறமும் சேர்ந்து 4 பிக்சல் குறைவதை யாரும் உணர மாட்டார்கள். கம்பி 8 பிக்சலே இருக்கும் சிறிய படமாயின் 1 பிக்சலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரும்புக் கம்பி நூலாகிவிடும். வெளிச்சம் மிகக் கடுமையாக இருந்த படங்களில் ஒளி கம்பியின் மேலேயே வழிந்து பரவியிருக்கும். அங்கே 2 பிக்சல் போதாமல் 3 அல்லது 4 வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்: பெரிதாக்கிய படத்தில் மரத்தின் நிறம் வெளிறத் தொடங்கும் இடத்திலிருந்து முழு வெள்ளையாகும் இடம் வரை எத்தனை பிக்சல் என்று எண்ணிப் பார்த்து, தேர்வின் கோடு அந்த வெளிறல் தொடங்கும் இடத்தைத் தொடும் அளவுக்கு விரிக்க வேண்டும்.

இரண்டாவது திருத்தம், விளிம்பை மென்மையாக்குவது. அதே Select பட்டியில் Feather என்பது இதற்கு உரியது. அளவைத் தீர்மானிப்பதற்கு அந்தப் படமே சாட்சி சொல்லும். ஜன்னற் கதவின் ஓரம் சுவரைச் சந்திக்கும் இடத்தைப் போலக் காமிராவே பதிவுசெய்த ஓர் இயற்கையான விளிம்பைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தால், கருமை வெண்மையாக மாறுவதற்கு இரண்டு பிக்சலோ மூன்று பிக்சலோ ஆகியிருக்கும். நாம் வெட்டும் விளிம்பும் அதே அளவில் மாற வேண்டும். அதைவிடக் கூர்மையானால் கத்தியால் அறுத்ததுபோலவும், அதைவிட மங்கினால் பனி படர்ந்ததுபோலவும் தோன்றும். நம்முடைய படத்துக்கு 2 பிக்சல் பொருத்தமாக இருக்கும். விரிப்பதை முதலிலும் மென்மையாக்குவதை இரண்டாவதாகவும் செய்க.

இப்போது மாஸ்க். லேயர் பட்டியலில் ஜன்னல் லேயரே தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, Layer பட்டியில் Mask என்பதற்குள் Add Layer Mask என்பதை, புதிய பதிப்பில் Add Layer Masks என்பதைத் திறக்கவும். தோன்றும் பெட்டியில் மாஸ்க் எதிலிருந்து உருவாக வேண்டும் என்று கேட்கும் வரிசையில் Selection என்பதைத் தேர்ந்து, அடியில் உள்ள Invert mask என்ற கட்டத்திலும் குறியிட வேண்டும். தேர்வு செய்த இடம் தெரிய வேண்டும், மற்றவை மறைய வேண்டும் என்பது மென்பொருளின் இயல்பான அனுமானம். நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. குறியிட மறந்தால் சுவரும் சட்டமும் கம்பியும் எல்லாம் மறைந்து, பழைய வெள்ளை வானத்தின் நான்கு பட்டைகள் மட்டும் கடலின் மேல் தொங்கும். பதற வேண்டியதில்லை, மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கித் தேர்ந்துவிட்டு, முதலில் தேர்வை நீக்கி, Colors பட்டியில் Invert என்பதைப் பிரயோகித்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி எல்லாம் நேராகும்.

மாஸ்க் அமைந்தவுடன் Select பட்டியில் None என்பதைக் கொண்டு தேர்வை விலக்கிவிட வேண்டும். தேர்வு நீடித்திருந்தால், தூரிகை அந்த எல்லைக்குள் மட்டுமே தீட்டும். வெளியே எத்தனை முறை இழுத்தாலும் நிறம் விழாது. கருவி கெட்டுவிட்டதோ என்ற வீண் சந்தேகம் வரும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று பலர் முறையிடுவதற்குக் காரணம் இந்த மறதியே.

நான்கு திறப்புகளிலும் கடல் தெரிகிறது. தெரியாவிட்டால், அங்கே என்ன தெரிகிறது என்பதிலிருந்தே பிழையைக் கண்டுகொள்ளலாம். சாம்பலும் வெள்ளையுமான சதுரங்கக் கட்டங்கள் தெரிந்தால் துவாரம் சரியாகவே விழுந்திருக்கிறது. அதன் கீழே எதுவும் இல்லை என்று பொருள். கடல் லேயரின் கண் அடையாளம் அணைந்திருக்கலாம், அல்லது கடற்படம் சிறிதாக இருந்து அந்த இடம்வரை எட்டாமல் இருக்கலாம். வெறும் வெள்ளை தெரிந்தால், மாஸ்க் போடாமல் ஆல்ஃபா இல்லாத லேயரில் அழித்திருக்கிறோம். பழைய வெள்ளை வானமும் அதன் இயல்பான மாசுமறுக்களும் அப்படியே தெரிந்தால், ஜன்னல் படத்தின் நகல் ஒன்று நடுவில் இருக்கிறது. மேலே உள்ளதைத் திறந்தாலும் அதற்கடுத்த நகல் கடலை மறைக்கிறது. ஒரு லேயரில் போட்ட துவாரம் அந்த ஒரு லேயரையே திறக்கும், அடியிலுள்ள அத்தனையையும் துளைத்துக்கொண்டு போகாது என்பதை மறக்கலாகாது. ஜன்னலின் மேல் திரைச்சீலை ஒரு லேயராகவும், சுவரில் மாட்டிய படம் ஒரு லேயராகவும் இருந்து, அவை எல்லாவற்றின் ஊடாகவும் ஒரே வடிவில் திறப்பு வேண்டுமானால், அந்த லேயர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, குழுவுக்கே மாஸ்க் போடலாம், ஜிம்பின் 2.10 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

இனித் தூரிகையால் செய்யும் செப்பம். மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கித் தேர்ந்துகொண்டு, D விசையை அழுத்தினால் முன்னணி நிறம் கறுப்பாகவும் பின்னணி வெள்ளையாகவும் அமையும். X விசை அவ்விரண்டையும் மாற்றிக் கொடுக்கும். வெள்ளைக் கோடு இன்னும் மிஞ்சியிருக்கும் இடத்தில் சிறிய மென்மையான தூரிகையால் கறுப்பைத் தீட்டுக. கம்பியில் கடிபட்ட இடத்தில் வெள்ளையைத் தீட்டுக. சிறுபடத்தைத் தேர்ந்தெடுக்காமல் லேயரின் படத்தையே தேர்ந்திருந்தால், கறுப்பு மரத்தின் மேல் மையாகவே விழும். அவ்வாறு விழக் கண்டவுடன் Ctrl+Z அழுத்தி, சரியான சிறுபடத்தைச் சொடுக்கிவிட்டுத் தொடர்க. திறப்பு முழுவதும் ஒரே சீராகச் சிறிது விரிய வேண்டும் என்று தோன்றினால், தூரிகை வேண்டாம். மாஸ்க் தேர்வாகியிருக்கும்போதே Colors பட்டியில் Levels என்பதைத் திறந்து, உள்ளீட்டு அளவுகளில் இடக்கோடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தைச் சிறிது சிறிதாக வலப்புறம் நகர்த்தினால், விளிம்பில் உள்ள சாம்பல்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பாகித் துவாரம் நூலிழை நூலிழையாக விரிவதைக் கண்முன்னே பார்க்கலாம். விளிம்பை மென்மையாக்கியிருந்தால்தான் இது பலிக்கும். சாம்பலே இல்லாத விளிம்பில் நகர்த்துவதற்கு ஒன்றும் இராது.

ஜன்னலில் கண்ணாடியும் இருந்து, அதில் அறையின் பிரதிபலிப்பு லேசாக விழுந்திருந்தால், அந்தக் கண்ணாடியின் பகுதியை முழுக் கறுப்பாக்காமல் கருமைக்குச் சற்றே குறைந்த சாம்பலாக விடுவது நல்லது. பிரதிபலிப்பின் சாயல் கடலின் மேல் மெலிதாக நிற்பதால், கண்ணாடி அங்கே இருக்கிறது என்பதைக் கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நம்முடைய படத்தைப்போல் வெளிப்புறம் முற்றிலும் வெளுத்திருந்தால் இதைச் செய்யக் கூடாது. சாம்பலின் வழியே அந்த வெள்ளையும் திரும்பி வந்து கடலை வெளிறச் செய்துவிடும்.

விளிம்பு முடிந்தபின் கடலை அதன் ஸ்தானத்தில் நிறுத்த வேண்டும். Move கருவி, சுட்டியின் கீழே எந்த லேயர் தெரிகிறதோ அதைப் பிடித்து இழுப்பதே வழக்கம். திறப்புக்குள் பிடித்தால் கடல் நகரும், தவறிக் கம்பியைப் பிடித்துவிட்டால் ஜன்னலே தன் மாஸ்க்கோடு நகர்ந்துவிடும். ஆதலால் கருவியின் விருப்பங்களில் தேர்வான லேயரை மட்டும் நகர்த்தும் முறையை அமைத்துக்கொண்டு, கடல் லேயரைத் தேர்ந்தபின் இழுக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ரசனை மட்டும் போதாது. நியதி ஒன்றும் உண்டு. கடலின் தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் நிற்கும். தரைத்தளத்தில் நின்று பார்த்தாலும் மாடியில் நின்று பார்த்தாலும் இது மாறாது. மாடியில் நின்றால் தொடுவானத்துக்குக் கீழே அதிகமான நீரும் கரையும் தெரியும் என்பதுதான் வேறுபாடு. புகைப்படத்தில் காமிராவின் கண்மட்டம் எங்கே இருந்தது என்பதை, உட்பக்கமாகத் திறந்து நிற்கும் கதவே சொல்லும். கதவின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் கோடுகளாக நீட்டினால், அவை ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடத்தின் உயரமே கண்மட்டம். மேலே உள்ள அளவுகோலிலிருந்து ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்து அந்த உயரத்தில் நிறுத்தி, கடலின் தொடுவானம் அதன்மேல் பொருந்தும்படி லேயரை நகர்த்துக. இந்த ஒரு பொருத்தம் அமையாவிட்டால், விளிம்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கடல் சுவரில் ஒட்டிய காகிதம்போலவே நிற்கும். காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்பார். தொடுவானம் சிறிதும் சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வெளிச்சத்தின் விஷயமும் உண்டு. அறைக்குள்ளே உள்ள மங்கலான வெளிச்சத்துக்கு ஏற்றபடி காமிரா அமைந்திருந்ததால்தான் வெளியே வெளுத்துப்போயிற்று. அப்படிப்பட்ட அறையிலிருந்து பார்க்கும்போது ஆழ்ந்த நீலக் கடல் தெரிவது அசம்பாவிதம். கடல் லேயரில் Curves என்பதைக் கொண்டு நடுத்தர அளவுகளை உயர்த்தி, கடலைச் சற்று வெளிறச் செய்தால் அறையோடு இசையும். காமிரா ஜன்னலையே குறியாக வைத்து எடுத்த படமாயின் வெளியே உள்ளது சிறிது மங்கலாகவும் இருக்க வேண்டும்; Gaussian Blur என்ற வடிகட்டியை 3 பிக்சல் அளவில் பிரயோகித்துப் பார்த்து, கம்பி கூர்மையாகவும் அலை மென்மையாகவும் தெரிகிறதா என்று பரிசோதிக்கலாம். ஜன்னலின் அடிச்சட்டத்தில் வெயில் இடப்புறமிருந்து விழுந்திருக்க, கடலில் சூரியனின் மினுமினுப்பு வலக்கோடியில் இருந்தால், Flip கருவியால் கடலை இடவலமாகப் புரட்டிவிட வேண்டும். கடலில் எழுத்தோ படகின் பெயரோ தெரியாதவரை இதற்குத் தடையில்லை.

முடிந்த வேலையைச் சேமிப்பதில் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. Save என்பது எக்ஸ்சிஎஃப் என்ற ஜிம்பின் சொந்தக் கோப்பாக, லேயர்களையும் மாஸ்க்கையும் குறையாமல் காப்பாற்றி வைக்கும். அதைக் கட்டாயம் செய்து வைக்க வேண்டும். பிறருக்கு அனுப்பவோ அச்சிடவோ Export As என்பதைக் கொள்க. கடலும் ஜன்னலும் சேர்ந்த முழுப்படமே வேண்டுமானால் ஜேபெக் போதும். எல்லாம் ஒன்றாகத் தட்டையாகிவிட்டபின் ஆல்ஃபாவுக்கு வேலை இல்லை. ஆனால் துவாரத்தோடு கூடிய ஜன்னலை மட்டும் தனியே எடுத்து, வேறோர் ஒட்டுப்படத்தில் மலையின் மேலோ தெருவின் மேலோ வைக்க விரும்பினால், கடலின் கண் அடையாளத்தை அணைத்துவிட்டுப் பிஎன்ஜி வடிவத்தில் ஏற்றுமதி செய்ய வேண்டும். ஜேபெக்கில் அனுப்பினால் துவாரம் பின்னணி நிறத்தால் அடைபட்டுவிடும். கிஃப் வடிவத்தில் துவாரம் தங்கும். ஆனால் அதில் ஒரு பிக்சல் முழுதும் மறைக்கலாம் அல்லது முழுதும் மறைக்காமலிருக்கலாம், இடைநிலை கிடையாது என்பதால், நாம் இவ்வளவு பாடுபட்டு மென்மையாக்கிய விளிம்பு படிக்கட்டுப்போல் ஆகிவிடும்.

பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் Save color values from transparent pixels என்று ஒரு கட்டம் இருக்கிறது. துவாரத்தின் ஆல்ஃபா பூஜ்யமானாலும் அங்கே இருந்த பழைய நிறங்கள் அழியாமல் கிடக்கலாம் என்பதை முன்னரே பார்த்தோம். இந்தக் கட்டத்தில் குறியிருந்தால் அந்த நிறங்களும் கோப்போடு போகும். பெறுகிறவர் ஆல்ஃபாவை விலக்கிப் பார்த்து அவற்றை மீட்டுவிட முடியும். வெறும் வெள்ளை வானம் மறைந்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு பத்திரத்திலிருந்த கையொப்பத்தையோ, குழந்தையின் முகத்தையோ, வண்டியின் எண்ணையோ மறைப்பதற்காகத் துவாரம் போட்டிருந்தால், அந்தக் கட்டத்தின் குறியை எடுத்துவிட்டே அனுப்ப வேண்டும். எக்ஸ்சிஎஃப் கோப்பை எக்காரணம் கொண்டும் வெளியே தரக் கூடாது.